"அவர் கொஞ்சம் ஸ்ட்ரிக்ட், அவ்வளவுதான்": கொழும்பு கொம்பனிகள்ல எச்.ஆர். பார்க்கிறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

எச்.ஆர். பார்க்கிற சேர்மாருக்கும் மிஸ்மாருக்கும் வணக்கம்.

நான் பத்தொன்பது வருஷமா எக்கவுண்ட்ஸ்ல வேலை செய்றேன். மூணு கொம்பனி பார்த்தாச்சு, எல்லாமே கோட்டைக்கும் பம்பலப்பிட்டிக்கும் இடையிலதான். இந்த மடலை யாரையும் மாட்டிவிட எழுதல, அதனால கொம்பனி பேரோ ஆள் பேரோ இதுல வராது. உங்கட மேசைக்கு மெனேஜர் வதைக்கிறார்னு ஒரு கம்ப்ளெயின்ட் வரும்போது அதை நீங்க எப்பிடிப் பார்க்கிறீங்கங்கிறதைப் பத்தி மட்டும்தான் கதைக்கப் போறேன். ஏன்னா ஒரு பிள்ளை கடைசியா நம்பி வந்து நிக்கிற இடம் அந்த மேசைதான், அங்கயும் "அவர் கொஞ்சம் ஸ்ட்ரிக்ட், பழகிடும்"னு சொல்லிட்டா அதுக்குப் பிறகு அவ போறதுக்கு ஒஃபிஸுக்குள்ள வேற இடமே இல்ல.

எங்கட செக்ஷன்ல ஒரு தங்கச்சி இருந்தா. மட்டக்களப்பு, ஏஏடி முடிச்சிட்டு வந்து வெள்ளவத்தையில போர்டிங்ல இருந்துதான் வேலைக்கு வந்தா. டெட்டர்ஸ் பார்த்தா, அதாவது எந்தக் கடைக்காரர் எங்களுக்கு எவ்வளவு தரணும், அது முப்பது நாளா, அறுபது நாளா, தொண்ணூறு தாண்டிட்டான்னு பிரிச்சு ஒவ்வொரு கிழமையும் ஒரு லிஸ்ட் போடுறது. ஏஜிங் ரிப்போர்ட்னு சொல்லுவோம். ரெண்டு வருஷமா அதை ஒரு சிக்கலும் இல்லாமத்தான் செஞ்சுக்கிட்டு இருந்தா. பிறகு புது ஃபினான்ஸ் மெனேஜர் வந்தார். அவரும் தமிழ் ஆள்தான், நல்லாப் படிச்சவர், வேலை தெரிஞ்சவர், அதை நான் மறுக்கல.

அவர் வந்து மூணாவது மாசத்துல இருந்து அந்தப் பிள்ளை ஒரு சீஆர் கொப்பியில எழுதத் தொடங்கினா. பிறகு எனக்குத் தந்து வாசிக்கச் சொன்னா, அதுல இருந்து ஒரு மாசத்தை மட்டும் இங்க சொல்றேன்.

முதல் திங்கள், கஸ்டமர் பேர் வரிசையில ரிப்போர்ட் கொடுத்திருக்கா. "இது என்ன பலசரக்குக் கடை லிஸ்டா, சேல்ஸ் ரெப் வாரியா பிரிச்சுத் தா"ன்னு கூப்பிட்டுச் சொல்லியிருக்கார். சரி, அது ஒரு நியாயமான கேள்விதான், எந்த ரெப்பின்ட காசு வரலன்னு பார்க்க அப்பிடித்தான் வேணும். அடுத்த திங்கள் ரெப் வாரியா கொடுத்திருக்கா. அன்னைக்கு மீட்டிங்ல எட்டுப் பேர் இருக்கோம், "கஸ்டமர் வரிசையில்லாம யார் இப்பிடிக் குழப்பச் சொன்னது, உன்ட இஷ்டத்துக்கா ஒஃபிஸ் நடக்குது"ன்னு கேட்டார். "சேர்தான் போன கிழமை..."ன்னு அவ தொடங்கினதும், "அப்ப நான் பொய் சொல்றேனா"ன்னு கேட்டார். நாங்க எட்டுப் பேரும் மேசையைப் பார்த்துக்கிட்டு இருந்தோம். மூணாவது கிழமை அவ கெட்டித்தனமா ஒரு வேலை செஞ்சா, முன்கூட்டியே "இந்தக் கிழமை கஸ்டமர் வரிசையா, ரெப் வாரியா சேர்"னு மெயில்ல கேட்டா. மெயிலுக்குப் பதில் இல்ல. எக்ஸ்டென்ஷன்ல கோல் வந்தது, "சின்ன விஷயத்துக்கெல்லாம் மெயில் போட்டு எனக்கு ட்ரெயில் கட்டுறியா, நேர வந்து கேளு"ன்னு. நேர போய்க் கேட்டா, ரெண்டு விதமாவும் செய்யச் சொன்னார், செஞ்சா. நாலாவது கிழமை மாச முடிவு. வழக்கமா அஞ்சாவது வேலை நாள் எக்கவுண்ட்ஸ் குளோஸ் பண்ணுவோம், அதை நாலாவது நாளா மாத்தினதை வட்ஸ்அப் குரூப்ல போட்டிருந்தார். அந்தப் புது குரூப்ல செக்ஷன்ல எல்லாரும் இருக்கோம், அந்தப் பிள்ளை மட்டும் இல்ல. நாலாவது நாள் பின்நேரம் நாலரைக்கு அவட மேசைக்கு வந்து எல்லாருக்கும் கேக்கிற மாதிரி, "எல்லாருக்கும் தெரிஞ்சது உனக்கு மட்டும் தெரியாதா"ன்னு கேட்டார்.

அவர் கத்தவே இல்ல. அந்த மாசம் முழுக்க ஒரு தரம்கூட சத்தம் உயர்ல. கெட்ட வார்த்தை ஒண்டும் வரல. இதைத்தான் நீங்க கவனிக்கணும்னு நான் கேக்கிறேன், ஏன்னா எச்.ஆர்.ல முதல் கேள்வியே "ஏசினாரா? தூஷணம் கதைச்சாரா? கையை ஓங்கினாரா?"ன்னுதான் வந்தது. மூணுக்கும் "இல்ல"ன்னு அந்தப் பிள்ளை உண்மையைச் சொன்னா. அத்தோட கம்ப்ளெயின்ட் பாதி செத்துப் போச்சு.

இப்ப நான் இன்னொரு கதையும் சொல்லணும், இல்லாட்டி இது ஒரு பக்கக் கதையாப் போயிடும்.

என்ட முதல் வேலையில எனக்கு மேல ஒரு மெடம் இருந்தா. அவ நல்லா ஏசுவா. செக்ஷனே கேக்கிற மாதிரி ஏசுவா. நான் செஞ்ச பேங்க் ரெகன்சிலியேஷனை, அதாவது பேங்க் ஸ்டேட்மென்ட்டோட எங்கட கணக்கு ஒத்துப் போகுதான்னு பார்க்கிறதை, ஒரே நாள்ல மூணு தரம் திருப்பி அனுப்பினா. தொள்ளாயிரம் ரூபா வித்தியாசம் வருது, எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியல, தொள்ளாயிரம்தானே சில்லறைச் செலவுல போட்டுடுவோமான்னு கேட்டேன், அதுக்கு வாங்கின ஏச்சு இன்னும் காதுல இருக்கு. ஏசி முடிச்சிட்டு கதிரையை இழுத்து என்ட பக்கத்துல இருந்தா. "வித்தியாசம் ஒன்பதால பிரியுதான்னு முதல்ல பாரு, பிரிஞ்சா ரெண்டு இலக்கம் இடம் மாறியிருக்கலாம்"னு சொன்னா. தேடிப் போனா, 4,500 ரூபா செக் ஒண்டை நான் 5,400ன்னு பதிஞ்சிருக்கேன். அடுத்த மாசம் சரியாக் கொடுத்தேன், ஒரு வார்த்தை இல்லாம இனிஷியல் வெச்சா. அதுக்குப் பிறகு அந்தத் தொள்ளாயிரத்தைப் பத்தி ஒரு நாளும் யாருக்கு முன்னாலயும் எடுக்கல. மார்ச் 31 இயர் எண்ட்ல எங்களை ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் இருத்துவா, அவவும் இருப்பா, அடுத்த நாள் ஓவர்டைம் ஃபோர்ம்ல கேள்வி கேக்காம சைன் வைப்பா.

எனக்கு அப்ப 24 வயசு. அவ என்னை மட்டும் குறி வெச்சு வதைக்கிறான்னு நான் எச்.ஆர்.க்குப் போனேன். அங்க இருந்த வயசான சேர் என்னை ஆறுதல் படுத்தவும் இல்ல, துரத்தவும் இல்ல. "திருப்பி அனுப்பின பேப்பரைக் கொண்டு வா"ன்னார். பிறகு செக்ஷன்ல மத்த மூணு பேரோட ரெகன்சிலியேஷனையும் எடுத்துப் பார்த்தார். எல்லாத்துலயும் மெடத்தின்ட சிவப்புப் பேனா இருந்தது, எல்லாத்துலயும் பிழை எதுன்னு வட்டம் போட்டிருந்தது, திருத்தினதும் இனிஷியல் இருந்தது. "மகன், இது உனக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும் இப்பிடித்தான், என்ன பிழைன்னும் எழுதியிருக்கா. ஆக்களுக்கு முன்னால ஏசுறதைப் பத்தி நான் அவவோட கதைக்கிறேன், மத்தது நீ வேலையைப் பாரு"ன்னார். கதைச்சும் இருக்கார், அதுக்குப் பிறகு மெடம் ஏசுறதா இருந்தா ரூமுக்குள்ள கூப்பிட்டுத்தான் ஏசினா.

அந்த சேர் என்ட கம்ப்ளெயின்ட்டை நிராகரிச்சார், ஆனா பேப்பரைப் பார்த்து நிராகரிச்சார். அந்தத் தங்கச்சின்ட கம்ப்ளெயின்ட்டை நிராகரிச்சவங்க ஒரு பேப்பரையும் பார்க்கல. இதுதான் நான் சொல்ல வந்ததே.

ரெண்டு ஆட்களையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. சத்தத்தை வெச்சு அளந்தா மெடம்தான் கொடுமைக்காரி, புது மெனேஜர் ஜென்டில்மன். வேற ஒண்டை வெச்சு அளந்தா தலைகீழாப் போகும்: சொன்னதைச் சரியாச் செஞ்சா ஏச்சு நிக்குதா? மெடத்துக்கிட்ட நின்டது. சரியா வந்த அன்னைக்கே நின்டது, வெளிய வர ஒரு கதவு இருந்தது, அந்தக் கதவு எங்க இருக்குன்னும் அவவே காட்டினா. புது மெனேஜருக்கிட்ட கதவே இல்ல. கஸ்டமர் வரிசையில கொடுத்தாலும் பிழை, ரெப் வாரியாக் கொடுத்தாலும் பிழை, கேட்டாலும் பிழை, கேக்காட்டியும் பிழை. அந்தப் பிள்ளை எவ்வளவு நல்லா வேலை செஞ்சாலும் அந்த நிலைமை மாறியிருக்காது, ஏன்னா அங்க பிரச்சினை ரிப்போர்ட்டே இல்ல.

அவுஸ்திரேலியாவுல இதுக்கு ஒரு சட்டம் இருக்கு, 2014 ஜனவரியில இருந்து நடைமுறையில இருக்கு. திரும்பத் திரும்ப நடக்கிற நியாயமில்லாத நடத்தை, அதால உடம்புக்கோ மனசுக்கோ ஆபத்துன்னா அது புல்லியிங்னு சொல்றாங்க. அதோடயே ஒரு விலக்கும் வெச்சிருக்காங்க, நியாயமான நிர்வாக நடவடிக்கையை நியாயமான முறையில செஞ்சா அது புல்லியிங் ஆகாது. இதுல "நியாயமான" ரெண்டு தரம் வருது பாருங்க, அதுதான் முக்கியம். முதலாவது, கேட்ட விஷயம் நியாயமா. ரெண்டாவது, கேட்ட விதம் நியாயமா. நீங்க வழக்கமா முதலாவதோட நிப்பாட்டுறீங்க. "ரிப்போர்ட் கேக்கிறது மெனேஜர்ட உரிமைதானே, டெட்லைன் வைக்கிறது அவர்ட வேலைதானே"ன்னு கேப்பீங்க, ஆமா, உரிமைதான், வேலைதான். டெட்லைனை நாலாம் நாளுக்கு மாத்தினது நியாயம். ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் அதைச் சொல்லாம விட்டுட்டு அதே ஆளை எல்லாருக்கும் முன்னால கேட்டது நியாயமா?

தகவலை மறைக்கிறதை நான் சும்மா பெருசாக்கல. நோர்வேயில புல்லியிங்கை ஆராய்ச்சி செய்றவங்க சேர்ந்து உருவாக்கின ஒரு கேள்விப் பட்டியல் இருக்கு, உலகம் முழுக்கப் பாவிக்கிறாங்க, 22 கேள்வி. அதுல உங்கட வேலையைப் பாதிக்கிற தகவலை யாராவது உங்களுக்குத் தராம மறைச்சாங்களான்னு ஒரு கேள்வி வருது. முடிக்கவே ஏலாத டெட்லைன் வெச்சாங்களா, தகுதிக்குக் கீழான வேலை கொடுத்தாங்களா, உரிமையான லீவைக் கேக்க விடாம நெருக்கினாங்களான்னும் வருது. கத்துறதைப் பத்தி ஒரே ஒரு கேள்விதான். உங்கட மூணு கேள்வியும் அந்த 22ல ஒரு சிலதைத்தான் தொடுது, மிச்சத்தை நீங்க கேக்கவே இல்ல.

லீவுன்னதும் ஞாபகம் வருது. அந்தக் கொப்பியில ஒரு பக்கத்துல, அம்மாவுக்குக் கண் ஒபரேஷன், கெஷுவல் லீவு ஒரு நாள் கேட்டு, "லீவு எடுக்கிறவங்களுக்கு இங்க வளர்ச்சி இல்ல"ன்னு பதில் வந்து, போகாம இருந்துட்டேன்னு எழுதியிருந்தா. கடை, காரியாலயச் சட்டத்துல வருஷத்துக்கு ஏழு நாள் கெஷுவல் லீவு இருக்குன்னு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. அந்த வருஷம் அவ எடுத்தது ஒண்டு. அதே மாசம் செக்ஷன்ல இன்னொருத்தர் கிரிக்கெட் மெச் பார்க்க லீவு எடுத்தார், கேட்ட உடனே கிடைச்சது. ஒரு விதியை எல்லாருக்கும் இறுக்கினா அது கண்டிப்பு, ஒருத்தருக்கு மட்டும் இறுக்கினா அதுக்குப் பேர் வேற. இதைக் கண்டுபிடிக்க யாரையும் விசாரிக்கவே தேவையில்ல, லீவு ரெஜிஸ்டர் உங்கட அறையிலேயே இருக்கு.

அந்தத் தங்கச்சின்ட கேஸ்ல நீங்க செஞ்ச பெரிய பிழை ஒண்டு இருக்கு, அதைச் சொல்லியே ஆகணும். ரெண்டு பேரையும் ஒரே ரூம்ல இருத்தி, "மனம் விட்டுக் கதைச்சு முடிச்சுக்குங்க"ன்னு சொன்னீங்க. சமமான ரெண்டு பேருக்கு இடையில மனஸ்தாபம்னா அது சரி. ஒருத்தர் மத்தவர்ட அப்ரெய்ஸல்ல மார்க் போடுறவரா இருக்கும்போது அங்க என்ன மனம் விட்டுக் கதைக்கிறது? அந்தப் பிள்ளை அங்க சொன்னது ஒரே வசனம், "சேர் மேல ஒரு பிழையும் இல்ல, நான்தான் கொஞ்சம் சென்சிட்டிவ்". உங்கட ஃபைல்ல அதுதான் பதிவாகியிருக்கு, "சம்பந்தப்பட்டவரே ஏத்துக்கிட்டார்"னு.

"அவருக்கு அப்பிடி நோக்கம் இல்ல, நல்ல மனுஷன்"னும் உங்கள்ல ஒருத்தர் என்கிட்ட தனியாச் சொன்னீங்க. நோக்கம் யாருக்குத் தெரியும், அவருக்கே தெரியாம இருக்கலாம். சர்வதேச தொழில் அமைப்பு 2019ல கொண்டு வந்த 190ஆவது சமவாயத்துலகூட பாதிப்பை நோக்கமாக் கொண்ட நடத்தையோட, பாதிப்பை உண்டாக்கின நடத்தை, உண்டாக்கக்கூடிய நடத்தை எல்லாத்தையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கு. ஒரு தரம் நடந்தாலும் சேரும்னும் அதுல இருக்கு. நீங்க ஒரு மனுஷன்ட மனசுக்குள்ள போய்ப் பார்க்க வேணாம், மெயிலையும் திகதியையும் பார்த்தாப் போதும்.

திகதின்னா இன்னொண்டு. சுவீடன்ல ஹெய்ன்ஸ் லேமான்னு ஒரு ஆராய்ச்சியாளர் இருந்தார், இந்த விஷயத்தை முதல்ல பெருசாப் படிச்சவங்கள்ல ஒருத்தர். கிழமைக்கு ஒரு தரமாவது, ஆறு மாசமாவது நடந்திருந்தா அதை அவர் கணக்குல எடுத்தார். ட்ரெய்னிங்ல இதைக் கேட்டுட்டு வந்து "இன்னும் ஆறு மாசம் ஆகலையே"ன்னு சொல்ற எச்.ஆர். ஆட்களும் இருக்காங்க. அது ஆராய்ச்சிக்கு ஆளை எண்ணுறதுக்கு வெச்ச கோடு, நீங்க பார்த்துக்கிட்டு இருக்க வேண்டிய கால எல்லை இல்ல. அந்தத் தங்கச்சிக்கு நாலாவது மாசமே நித்திரை போயிட்டுது, ஞாயிற்றுக்கிழமை பின்நேரம் ஆனா வயித்தைப் பிரட்டுதுன்னு என்ட வைஃபுக்கிட்ட சொல்லியிருக்கா.

எல்லாக் கேஸும் இவ்வளவு தெளிவா இருக்காதுன்னு எனக்கும் தெரியும். இயர் எண்ட் அன்னைக்கு ஒடிட்டர்ஸ் வந்து நிக்கும்போது ஒரு மெனேஜர் கொதிச்சுப் போய் ஏசிட்டு, அடுத்த நாள் வந்து "நேத்து நான் கதைச்ச விதம் பிழை"ன்னு சொல்லியிருந்தா அவரை இந்த லிஸ்ட்ல சேர்க்காதீங்க. வேலை உண்மையிலேயே செய்யாத ஒருத்தரை, என்ன குறை, எந்தத் திகதிக்குள்ள எந்த அளவுக்குத் திருத்தணும், அதுக்கு என்ன உதவி தருவோம்னு எழுத்துல கொடுத்து, அந்த அளவை இடையில மாத்தாம ரெண்டு மாசம் பார்த்துட்டு நடவடிக்கை எடுத்தா, அழுதாலும் அது புல்லியிங் இல்ல. அதே பேப்பர் ரெண்டு வருஷம் நல்ல அப்ரெய்ஸல் வாங்கின ஆளுக்கு, கம்ப்ளெயின்ட் கொடுத்த அடுத்த மாசமே வந்தா மட்டும் நின்டு யோசிங்க. அந்தத் தங்கச்சிக்கு அது மூணு கிழமையில வந்தது.

அவ ரிசைன் பண்ணினா. கடிதத்துல "சொந்தக் காரணங்களுக்காக"ன்னு எழுதச் சொன்னது உங்கட டிபார்ட்மென்ட்தான், நல்ல சர்விஸ் லெட்டர் தரலாம்னு. அந்த ரெண்டு சொல்லோட விலை அவளுக்கு அப்ப தெரியாது, எனக்கும் தெரியாது. இந்த நாட்டுல வேலையிட புல்லியிங்குன்னு தனிச் சட்டம் கிடையாது. ஆனா நிர்வாகத்தின்ட நடத்தையால வேற வழியில்லாம ரிசைன் பண்ணினாங்கன்னு நிரூபிச்சா, அதை வேலையை விட்டு நீக்கினதாவே எடுத்துக்கலாம்ங்கிறதை தொழில் நியாய சபையில ஏத்துக்கிறாங்க, ஆறு மாசத்துக்குள்ள போகணும். "சொந்தக் காரணம்"னு சைன் வெச்ச ஆளுக்கு அங்க போய் நிக்கிறது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்கு நல்லாத் தெரியும், தெரிஞ்சுதான் எழுதச் சொன்னீங்கன்னு நான் நினைக்க விரும்பல.

அந்த மீட்டிங்ல மேசையைப் பார்த்துக்கிட்டு இருந்த எட்டுப் பேர்ல நானும் ஒருத்தன். "சேர், நீங்க போன கிழமை ரெப் வாரியாத்தான் கேட்டீங்க, நானும் கேட்டேன்"னு ஒரு வசனம் சொல்லியிருக்கலாம், சொல்லல. வீட்டு லோன், பிள்ளையின்ட ஸ்கூல், எல்லாம் அந்த நேரம் கண்ணுக்கு முன்னால வந்தது. நீங்க எங்களை ஒருத்தர் ஒருத்தராத் தனியாக் கூப்பிட்டு, பதில் வெளிய போகாதுன்னு சொல்லி, "அந்த வட்ஸ்அப் குரூப்ல யார் யார் இருந்தீங்க"ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தா நான் ஃபோனை எடுத்துக் காட்டியிருப்பேன். குரூப் தொடங்கின திகதி, ஆட்கள் பேர் எல்லாம் அதுலேயே இருக்கு. யாரும் கூப்பிடல.

அவர் வந்து ஒன்றரை வருஷத்துல அந்த ஒரு செக்ஷன்ல நாலு பேர் போயிட்டாங்க. அதுக்கு முதல் அஞ்சு வருஷத்துல போனது ரெண்டு பேர், ஒருத்தர் கனடா, ஒருத்தர் பென்ஷன். நாலு பேர்ட கடிதமும் உங்கட ஃபைல்ல இருக்கு, நாலுலயும் அதே சொந்தக் காரணம். அந்த நாலு பேருக்கும் இப்ப கோல் எடுத்துக் கேளுங்க, வேலையை விட்டு ஆறு மாசம் ஆனவங்க பயமில்லாமக் கதைப்பாங்க.

அந்த சீஆர் கொப்பி இப்ப என்கிட்டத்தான் இருக்கு. போகும்போது தந்துட்டுப் போனா, நல்ல இடத்துல வேலையும் கிடைச்சிட்டுது, காட்டுறதுக்கு அவ சம்மதமும் தந்திருக்கா. இந்த மடல் யாரைப் பத்தின்னு விளங்கின எச்.ஆர். மிஸ், நீங்க ஒரு நாள் குறிச்சுச் சொல்லுங்க, கொப்பியையும் என்ட ஃபோனையும் கொண்டு வாறேன். நீங்க லீவு ரெஜிஸ்டரை எடுத்து வைங்க, ரெண்டையும் பக்கத்துல வெச்சுத் திகதி திகதியாப் பார்ப்போம்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையில இருந்து ஒரு எக்கவுண்டன்ட்